பெரியம்மாவும் மாமாவும் தாங்களே ஆப் இறக்க: இரண்டு நாள் பாடத் திட்டம்

படிப்பவர்கள்: பெரியம்மா, வயது 72, ஆண்ட்ராய்டு போன். மாமா, வயது 68, ஐபோன். சொல்லித்தருபவர்கள்: நானும் தம்பியும். சனிக்கிழமை வங்கி ஆப், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் ஆப். நாளுக்கு முக்கால் மணி நேரம், அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

என்ன வரவேண்டும்

நாங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் ஸ்டோரைத் திறந்து, சரியான ஆப்தானா என்று பார்த்து இறக்கத் தெரிய வேண்டும். வேறு வழியில் வரும் ஆப்பை "வேண்டாம்" என்று தள்ளத் தெரிய வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். முதலாவது மறந்துபோனால் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

தம்பி, உனக்கு ஒன்று: போன் அவர்கள் கையை விட்டுப் போகக் கூடாது. "கொடுங்க பெரியம்மா, நான் பண்ணித் தரேன்" என்று வாங்கினாயானால் பாடம் அங்கேயே முடிந்தது. விரலால் காட்டு, திரையைத் தொடாதே.

முதல் நாள் இரவே

சார்ஜ், காலி இடம், மூக்குக் கண்ணாடி. இரண்டு போனிலும் எழுத்தைப் பெரிதாக்கு. மாமாவுக்கு ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று கேட்டுவிடு. பாதியில் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். வங்கி அட்டையின் பின்புறம் இருக்கும் சேவை எண்ணைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி வை.

சனி: வங்கி ஆப்

முதல் பத்து நிமிடம் போனைத் தொட வேண்டாம், பேச்சு மட்டும். "பெரியம்மா, வாட்ஸ்அப்பில் 'உங்க கணக்கு இன்னிக்கு முடங்கிடும், இந்த ஆப்பைப் போடுங்க'ன்னு ஒரு ஃபைல் வந்தா என்ன செய்வீங்க?" அவர் சொல்லட்டும். பிறகு சொல்: பெயரின் கடைசியில் .apk என்று முடியும் ஃபைல் எதையும் தொடவே கூடாது. வங்கிப் பெயரும் சின்னமும் போட்டு யார் வேண்டுமானாலும் அப்படி ஒன்றை அனுப்பலாம்.

அடுத்து தேடல். கூகுளில் தேட வேண்டாம். பெரியம்மா பிளே ஸ்டோரையும் மாமா ஆப் ஸ்டோரையும் திறந்து, அங்கேயே வங்கியின் முழுப்பெயரை அடிக்கட்டும். இங்கே நிதானமாக நில். மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். பெரியம்மா போனில் Sponsored, மாமா போனில் Ad என்று பொடி எழுத்தில் இருக்கும். போன வருஷம் மாமா அப்படித்தான் முதலில் இருந்ததைத் தட்டி, சம்பந்தமே இல்லாத ஒரு கடன் ஆப்பை ஒரு மாதம் போனில் வைத்திருந்தார். இதை அவரையே சொல்லச் சொல், சிரித்துக்கொண்டே சொல்வார்.

பெரியம்மா போனில் ஆப்பின் பெயருக்குக் கீழே அதை உருவாக்கியவர் பெயர் சிறிதாக இருக்கும். மாமா போனில் அந்த இடத்தில் வேறு ஏதாவது வரி இருந்தால், ஆப்பின் பக்கத்தில் Developer என்று போட்ட இடத்தில் பார்க்க வேண்டும். அந்தப் பெயரை இருவரும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சின்னத்தை நகலெடுப்பது எளிது, அதனால் படத்தை மட்டும் நம்பக் கூடாது. பெரியம்மா எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்றும் பார்க்கட்டும். பெரிய வங்கியின் ஆப்புக்கு வெறும் சில நூறு என்றால் அது வேண்டாம். சந்தேகம் வந்தால் அட்டைக்குப் பின்னால் உள்ள எண்ணுக்குப் போன்.

Install தட்டியதும் பெரியம்மா போனில் Complete account setup என்று ஒரு பக்கம் வரலாம். போன தடவை இங்கேதான் பயந்துபோய் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். Continue தட்டினால் அட்டை விவரம் சேர்க்கச் சொல்லும். அங்கே Skip போதும். இலவச ஆப்பை இறக்க அட்டை எண் தேவையில்லை. மாமாவுக்கு Get, அப்புறம் பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி முகம் காட்டுவது. அவ்வளவுதான்.

ரகசிய PIN எண்ணை அவர்கள் அடிக்கும்போது நாமிருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நம்மிடமே மறைக்கப் பழகினால்தான் வெளியாளிடம் மறைப்பார்கள்.

ஞாயிறு: டிக்கெட் ஆப்

இன்று நாம் வாய் திறக்கக் கூடாது. நேற்றுச் செய்ததை அவர்களே செய்யட்டும். புதிதாக ஒன்றே ஒன்று: ஆப் கேட்கும் அனுமதிகள். இருக்கும் இடத்தைக் கேட்டால் யோசித்து முடிவு செய்யலாம். டிக்கெட் எடுக்கத் தொடர்பு எண்கள் எதற்கு? மறுத்துவிடலாம். Accessibility அனுமதி கேட்டால் ஆப்பையே நீக்கிவிட வேண்டும். அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தட்டவும் முடியும்.

மீதி நேரத்தில் நாடகம். தம்பி அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டு, "டிக்கெட் பணம் திரும்ப வரும் சார், திரையைப் பகிர ஒரு ஆப் போடுங்க" என்று அவசரப்படுத்த வேண்டும். மாமா போனை வைத்துவிட்டால் தேர்ச்சி. காரணம் கேட்டு வாதாடிக்கொண்டிருந்தால் இன்னொரு தடவை.

புதன்கிழமை

முன்னறிவிப்பில்லாமல் ஒரு புது எண்ணிலிருந்து இருவருக்கும் பொய் லிங்க் அனுப்புவேன். தட்டினால் எங்கள் குடும்பப் படம் ஒன்று திறக்கும். யாராவது தட்டிவிட்டால் தம்பி கேலி செய்யக் கூடாது. கேலிக்குப் பயந்தால் நிஜமாக நடக்கும் நாளில் நம்மிடம் சொல்லமாட்டார்கள். அன்று மாலையே போய், முதலில் நெட்டை அணைப்பது, அடுத்து தாளில் உள்ள எண்ணுக்கு வேறு போனிலிருந்து பேசுவது என்று அந்த இரண்டை மட்டும் பழக்கிவிட்டு வருவோம்.