ஒரு கப் வெந்த குயினோவா, ஓட்ஸ், பார்லி: புரதமும் மாவுச்சத்தும்

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் மூணு வேளையும் சோறுதான். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் வேறு தானியம் பார்க்க ஆரம்பித்தோம். "எதுல என்ன இருக்குன்னு ஒரே தாள்ல எழுதிக் குடும்மா" என்று கேட்டார். இது அந்தத் தாள். இங்கே கப் என்பது 240 மில்லி. நம் வீட்டு ஆழாக்கு அல்ல. உப்பும் தண்ணீரும் மட்டும் சேர்த்து வேகவைத்தது.

| ஒரு கப், வெந்தது | எடை | புரதம் | மாவுச்சத்து | அதில் நார்ச்சத்து |
|---|---|---|---|---|
| குயினோவா | 185 கிராம் | 8 கிராம் | 39 கிராம் | 5 கிராம் |
| ஓட்ஸ் கஞ்சி | 234 கிராம் | 6 கிராம் | 28 கிராம் | 4 கிராம் |
| பார்லி (தீட்டியது) | 157 கிராம் | 3.5 கிராம் | 44 கிராம் | 6 கிராம் |
| வெள்ளைச் சோறு | 158 கிராம் | 4 கிராம் | 44.5 கிராம் | அரை கிராம் சொச்சம் |

சோற்றை நான்தான் கடைசியில் சேர்த்தேன். அதோடு ஒப்பிட்டால்தான் நமக்குப் பிடிபடும்.

இதில் ஏமாந்துபோகிற இடம் ஓட்ஸ். மாவுச்சத்து 28தானே என்று தோன்றும். கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள், கரண்டியில் நிற்காமல் வழியும். அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர். ஒரு கப் கஞ்சிக்குப் போடுவது 40 கிராம் ஓட்ஸ்தான். குயினோவாவுக்கு ஏறக்குறைய 60 கிராம் போகிறது. வேகாத தானியத்தை நூறு நூறு கிராமாக நிறுத்துப் பார்த்தால் குயினோவாவில் புரதம் 14, ஓட்ஸில் 13, வித்தியாசம் அவ்வளவுதான். கெட்டியாகக் கிண்டினால் அதே கப்பில் மாவுச்சத்தும் ஏறிவிடும். அதனால் கப்பை நம்பாமல், அடுப்பில் போடுமுன் தராசில் வைத்து நிறுத்துவிடுங்கள்.

பார்லியை நம் பக்கம் கால் வீக்கத்துக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள், சர்க்கரைக்கு நல்லது என்ற பேரும் உண்டு. ஆனால் மாவுச்சத்தில் அது சோற்றுக்குச் சமம், புரதத்தில் சோற்றைவிடக் கொஞ்சம் கம்மி. அதன் பலம் நார்ச்சத்துதான். சர்க்கரை சோற்றைவிட மெதுவாக ஏறுவது அதனால்தான். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பார்லி ஆகாது, அதிலும் குளூட்டன் உண்டு.

குயினோவாவை நுரை போகிற வரை மூணு நாலு தண்ணீரில் கழுவணும், இல்லாவிட்டால் கசக்கும். புரதத்தில் அதுதான் முதலிடம். ஆனால் விலையைப் பார்த்தால் தினமும் வாங்கி மாளாது.

அப்பாவுக்கு இப்போது போடுவது அரை கப் வெந்த பார்லியும் அரை கப் வெந்த பாசிப்பயறும். பயறில் 7 கிராம், பார்லியில் 2 கிராம் கிட்ட, ஆக 9 கிராம் புரதம். மாவுச்சத்து 41. குயினோவாவின் கணக்குக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, பயறோ எங்கள் வயலில் தாளடி அறுப்புக்கு முன் தெளித்து எடுத்தது.