ஜனவரி 26, மைதானத்துக்கு வாங்க! புதுவண்ணாரப்பேட்டை தெரு விளையாட்டு விழா: அறிவிப்பு வீடியோ

(காலை வெயில். மாநகராட்சி மைதானம். இரண்டு பேர் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்க, அதன் ஓரமாக ஓர் இளைஞர் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே வருகிறார். தொகுப்பாளர் கையில் விசிலோடு கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்.)

தொகுப்பாளர்: புதுவண்ணாரப்பேட்டை மக்களே, எல்லாருக்கும் வணக்கம்! பின்னாடி கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அது எதற்கு என்று தெரிகிறதா? நம் தெருக்களின் விளையாட்டு விழாவுக்கு! வருகிற ஜனவரி 26, 2027, செவ்வாய்க்கிழமை, குடியரசு தினம். காலை 7.30 மணிக்குக் கொடியேற்றம். அது முடிந்த கையோடு ஓட்டப்பந்தயம் ஆரம்பம். மாலை 6 மணிக்குப் பரிசளிப்பு. நாள் முழுக்க நம்ம மைதானம் நம்மோடதுதான்!

(திரையில்: ஜனவரி 26, 2027 செவ்வாய் / காலை 7.30 முதல் / மாநகராட்சி விளையாட்டு மைதானம், புதுவண்ணாரப்பேட்டை)

இடம் எங்கே என்று நம்ம தெருக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வெளியே குடிபோன சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் புதுவண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கச் சொல்லுங்கள். டி.எச். ரோட்டில் வெளியே வந்ததும், மைதானம் வரைக்கும் வழிகாட்ட மஞ்சள் பேனர் கட்டியிருப்போம்.

பொங்கலுக்கே வைத்திருக்கலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். பொங்கல் வந்தால் நம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. எல்லாரும் ஊருக்குப் போய்விடுகிறோம். 26ஆம் தேதி என்றால் எல்லாரும் திரும்பி வந்திருப்போம். பள்ளிக்கூடமும் லீவு, ஆபீஸும் லீவு. சென்னையில் காலை நேரத்தில் ஓடுவதற்கு ஜனவரியை விட்டால் வேறு மாதம் ஏது?

(கேரம் போர்டு. பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரைத் தட்டும் விரல். சிவப்புக் காய் குழிக்குள் விழும் சத்தம்.)

சரி, என்னென்ன விளையாட்டு? முதலில் இதைச் சொல்கிறேன். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்றிலும் தங்கம் வாங்கி வந்தவர் காசிமா. நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்தத் தெருக்களில் திண்ணையிலும் மாடியிலும் போர்டு போட்டு விளையாடுவதைச் சின்ன விஷயம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதனால் இந்த விழாவில் கேரமை ஓரத்தில் தள்ளவில்லை. மத்தியானம் வெயில் ஏறும் நேரத்தில் பந்தலுக்குள் எட்டு போர்டு போடுகிறோம். பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அக்காக்களே, தம்பி ஆடுவதை நின்று பார்த்தது போதும், வந்து உட்காருங்கள்!

மாலை 3.30 மணிக்குக் கபடி. பையன்களுக்கு ஒரு பிரிவு, பெண் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு. கண்ணகி நகர் கார்த்திகாவை எல்லாருக்கும் தெரியும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் ஆடியவர். அந்தப் பெண்ணும் நம்மைப் போல ஒரு தெருவில் ஆடிப் பழகியவர்தான். ஓர் அணிக்கு 7 பேர் களத்தில். பெயர் கொடுக்கும்போது மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

காலையில் குழந்தைகளுக்கு 50 மீட்டர், பெரிய பிள்ளைகளுக்கு 100 மீட்டர், அப்புறம் சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழ ஸ்பூன், மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது, இசை நாற்காலி. வீல்சேரில் வரும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பந்தை வாளியில் போடும் போட்டி இருக்கிறது. அதற்கான இடத்தை நுழைவாயிலை ஒட்டிய சிமெண்டுத் தரையில் ஒதுக்கியிருக்கிறோம், மண்ணில் சக்கரம் புதையாது. தாத்தா, ஆயாக்களுக்கு நடைப்போட்டி. ஓடக் கூடாது, நடக்கணும்!

(ஒரு மூதாட்டி, வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தபடி.)

மூதாட்டி: நான் தெனமும் மார்க்கெட்டுக்கு நடந்துதான்பா போறேன். என் பேரை முதல்ல எழுதிக்கோ. பரிசு என்னன்னு மட்டும் சொல்லு.

தொகுப்பாளர்: எவர்சில்வர் தூக்கு, ஆயா! மூடியோட!

மூதாட்டி: அப்ப சரி.

(மைதானம். தடிமனான கயிறு, நடுவில் கட்டிய சிவப்புத் துணி.)

தொகுப்பாளர்: மாலை 5 மணிக்குக் கயிறு இழுக்கும் போட்டி. தெருவுக்கு ஓர் அணி, அணிக்கு 8 பேர். ஜெயிக்கிற தெருவுக்கு ஒரு முழு வாழைத்தார்!

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த வீடியோவின் முக்கியமான விஷயம். தயவுசெய்து தள்ளிவிடாமல் கேளுங்கள்.

விளையாட ஆள் நமக்குக் குறைவே இல்லை. இப்போதே பிள்ளைகள் மாடிப்படியில் சாக்கைக் கட்டிக்கொண்டு குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு வேண்டியது நடத்திக்கொடுக்கிற கைகள். 60 தன்னார்வலர்கள் வேண்டும். அறுபது பேர் என்றால் பெரிய எண்ணிக்கை போலத் தெரியும், ஆனால் ஒருவருக்கு இரண்டு மணி நேரம்தான் வேலை. நாள் முழுக்க யாரையும் நிற்க வைக்க மாட்டோம்.

இந்தக் கயிறு இழுக்கும் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சிவப்புத் துணி இருக்கிறதா? அதிலிருந்து இரண்டு பக்கமும் 4 மீட்டரில் ஒரு குறி. எதிரணியின் குறி நடுக்கோட்டைத் தாண்டினால் ஜெயித்தாயிற்று. அதைப் பார்க்க ஒரு நடுவர் போதும். ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. வேகத்தில் யாராவது கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்வார்கள். அது ரொம்ப ஆபத்து. எதிர்ப்பக்கம் திடீரென்று இழுத்தால் கையை உருவ முடியாது, விரல் எலும்பே போய்விடும். அதனால் ஒவ்வோர் அணியின் பக்கத்திலும் இரண்டு பேர் நடந்துகொண்டே கைகளைப் பார்க்கணும். சுற்றியதைப் பார்த்த உடனே விசில்! இப்படிக் கண்ணும் விசிலும் உள்ள நான்கு பேர் இல்லாமல் கயிற்றை மைதானத்துக்குள் கொண்டுவர மாட்டோம்.

(ஐந்து வயதுக் குழந்தைகள் ஓடும் பயிற்சி. முடிவுக்கோட்டைத் தாண்டியும் ஒரு சிறுமி ஓடிக்கொண்டே இருக்கிறாள். ஓர் அக்கா சிரித்தபடி இரு கைகளாலும் அள்ளிப் பிடிக்கிறார்.)

இதைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் கோட்டைத் தாண்டினாலும் நிற்காது, அம்மா தெரிகிற பக்கம் ஓடும். அதனால் ஓடும் பாதை ஒவ்வொன்றின் முடிவிலும் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து, வருகிற பிள்ளையைப் பிடித்து, முதலா இரண்டா மூன்றா என்று கையில் ரிப்பன் கட்டிவிடணும். ஆறு பாதைக்கு ஆறு பேர். எனக்குத் தெரிந்து மைதானத்திலேயே சந்தோஷமான வேலை இதுதான். கல்லூரி மாணவிகள் சிலர் இதற்கென்றே பெயர் கொடுத்துவிட்டார்கள், இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா, அண்ணன்கள் இந்தத் தெருக்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதலுதவி மேசை உங்களுடையது. ஐஸ், பஞ்சு, பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ். எல்லாம் நாங்கள் வாங்கிவைக்கிறோம். ஸ்டான்லி மருத்துவமனை நமக்குப் பக்கம், 108ஐயும் உடனே கூப்பிடலாம், ஆனால் வண்டி வந்தால் உள்ளே நுழைய வழி வேண்டுமே? வாசலில் பைக் நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு அண்ணன்கள் வேண்டும். சத்தமாகப் பேசுகிறவர்கள் வந்தால் இன்னும் நல்லது!

தண்ணீர் விஷயம். 20 லிட்டர் கேன்களை அடுக்கிவைப்போம். பிளாஸ்டிக் பாட்டில் வாங்கப்போவதில்லை, வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டு வாருங்கள். கேன் தூக்கி மாற்ற நான்கு பேர் வேண்டும். காலை 6 மணிக்கே கோடு போட, பந்தல் கயிறு கட்ட, நாற்காலி இறக்கப் பத்துப் பேர். பெயர் பதிவு மேசைக்குக் கையெழுத்து தெளிவாக இருக்கிற ஆறு பேர். மைக் பிடிக்க இரண்டு பேர். தொலைந்த குழந்தைகள் மேசைக்குப் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்த இரண்டு பேர். பரிசைப் பெயர் பார்த்து அடுக்கிக்கொடுக்க மூன்று பேர். விழா முடிந்த பிறகு மைதானத்தைப் பெருக்கி, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கப் பத்துப் பேர். கடைசி வேலைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பூக்கடை அக்காக்கள் ஐந்து பேர் முதலில் பெயர் கொடுத்ததே அதற்குத்தான்.

(பள்ளிச் சீருடையில் ஒரு மாணவி.)

மாணவி: அண்ணா, நான் ஒன்பதாவது படிக்கிறேன். நாங்களும் வரலாமா?

தொகுப்பாளர்: தாராளமா வரலாம்மா. ஒன்பதாவதிலிருந்து மேலே படிக்கிறவர்கள் எல்லாரும் வரலாம். வீட்டில் அம்மாவோ அப்பாவோ ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும், அவ்வளவுதான்.

மாணவி: நான் ஓடவும் செய்வேன், வேலையும் செய்வேன்.

தொகுப்பாளர்: அப்படியே செய். உன் பந்தயம் இருக்கிற நேரத்தில் உனக்கு வேலை போட மாட்டோம்.

(மீண்டும் தொகுப்பாளர். கையில் நீலநிற நோட்டு.)

பெயர் கொடுப்பது எப்படி? இரண்டு வழி. மைதானத்து வாசலில் தினமும் மாலை 6 முதல் 8 மணி வரை ஒரு மேசை போட்டிருப்போம், இந்த நீல நோட்டில் உங்கள் பெயர், தெரு, எந்த வேலை, காலையா மாலையா என்று எழுதிவிட்டுப் போங்கள். வர முடியவில்லையா? உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் 'நானும் வரேன்' என்று போட்டு, வேலையையும் எழுதுங்கள். தெருப் பொறுப்பாளர் நோட்டில் ஏற்றிவிடுவார். தன்னார்வலர்களுக்குக் கடைசி நாள் ஜனவரி 20, புதன்கிழமை. போட்டியாளர்களுக்கு ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குத் தன்னார்வலர்கள் எல்லாரும் இதே மைதானத்தில் கூடுகிறோம். யார் எங்கே நிற்பது, விசில் எப்போது அடிப்பது, ரிப்பன் எப்படிக் கட்டுவது என்று ஒரு மணி நேரம் ஒத்திகை. சுண்டலும் டீயும் உண்டு. விழா நாளில் தன்னார்வலர்களுக்குக் காலையில் பொங்கல் வடை, மத்தியானம் சாப்பாடு, ஆளுக்கு ஒரு மஞ்சள் தொப்பி. ஏதாவது அவசரம் என்றால் மஞ்சள் தொப்பியைத் தேடுங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்போம். அதனால் தொப்பியை நண்பர்களுக்குக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்!

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. பிள்ளைகளைப் படம் எடுப்பதாக இருந்தால், பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். விழா வீடியோவுக்கும் நாங்கள் அப்படியே கேட்டுத்தான் எடுக்கப்போகிறோம்.

எனக்கு ஓட வராது, கபடி தெரியாது, அங்கே வந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று நினைக்கிற அண்ணா, அக்கா, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். மாடியில் குடியிருக்கிறவருக்குக் கீழ்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வருடம் ஓடுகிறது. ஒரே கேனை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் பெயர் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டு மணி நேரம் கொடுங்கள், போதும்.

(பின்னணியில் விசில் சத்தம். பிள்ளைகள் சாக்குக்குள் குதித்துக்கொண்டு கேமராவைத் தாண்டிப் போகிறார்கள்.)

நோட்டு இன்றைக்கு மாலை 6 மணிக்குத் திறக்கிறது. முதல் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறோம். வாங்க!

(திரையில்: தன்னார்வலர் பதிவு ஜனவரி 20 வரை / போட்டியாளர் பதிவு ஜனவரி 22 வரை / ஒத்திகை ஜனவரி 24, மாலை 5 மணி / விழா ஜனவரி 26, காலை 7.30 / உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இந்த வீடியோவைப் பகிருங்கள்)