சான்றொப்பமிட்ட டிரான்ஸ்கிரிப்டை நேரடியாக அனுப்பக் கோரி

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
3 மார்ச் 2025

பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், சென்னைப் பல்கலைக்கழகம், சேப்பாக்கம், சென்னை 600005

ஐயா,

2016–2018இல் தங்களிடம் எம்.ஏ. தமிழ் படித்தேன். நான்கு பருவங்களின் டிரான்ஸ்கிரிப்டை ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்துக்குத் தாங்களே நேரடியாக அனுப்ப வேண்டுகிறேன். ஏப்ரல் 30க்குள் சேர வேண்டும். என் கையில் வந்த பிரதியை அவர்கள் ஏற்பதில்லை.

இரண்டு படிகள் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் ஒப்பமும், உறையை ஒட்டிய மடிப்பின் மேல் குறுக்காக இன்னொரு முத்திரையும் தேவை; மடிப்பு முத்திரை விட்டுப்போனால் பிரித்த உறையாகவே கருதுவார்கள். உறைமேல் என் விண்ணப்ப எண் 24817 இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலில் 'மு. கமலா', கடவுச்சீட்டில் 'கமலா முருகேசன்'. இரண்டும் ஒருவரே என்று ஒரு வரி சேர்த்தால் பெயர்க் குழப்பம் வராது.

கட்டணம் ரூ. 3,000க்குப் பதிவாளர் பெயரில், சென்னையில் மாற்றத்தக்க வரைவோலை இணைத்துள்ளேன். இங்கிருந்து வங்கிவழி அனுப்பினால் இடையில் கமிஷன் பிடித்துத் தொகை குறைந்துவிடும். அதனால் சென்னையிலேயே எடுக்கச் சொன்னேன்.

கூரியர் செலவு தங்களுக்கில்லை. பணம் கட்டிய டிஎச்எல் லேபிள் உள்ளது; பெறுநர் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதிலேயே உண்டு. அனுப்புநராகத் தங்கள் அலுவலகமே இருக்கிறது. பொருள் விவரத்தில் 'ஆவணங்கள், விற்பனை மதிப்பில்லை' என்று குறித்துள்ளேன். உறை தயாரானதும் மின்னஞ்சலில் சொன்னால் பிக்கப்புக்கு நான் பதிவு செய்கிறேன்.

இக்கடிதத்தைத் தருபவர் என் சித்தி மகன். விண்ணப்பம் கொடுக்க மட்டுமே அவருக்கு அதிகாரம். உறையை அவரிடம் தர வேண்டாம்.

இணைப்பு: மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்று, கடவுச்சீட்டு நகல், வரைவோலை, லேபிள்.

தங்கள் உண்மையுள்ள,
மு. கமலா