திருவோண அத்தப்பூக்களம்: பொருள் மதிப்பும் கூலிக் கணக்கும்

நம் தெருவின் 7 வீட்டாருக்கும் வணக்கம்.

திருவோணத்தன்று மாடிவீட்டு அக்காவின் கார் நிறுத்தும் முற்றத்தில் அத்தப்பூக்களம் இட்டு, தெரு முகப்பில் தோரணம் கட்டித் தருமாறு நீங்கள் கேட்டதற்கு இணங்க, ஆகும் செலவையும் எனக்குரிய கூலியையும் இதில் எழுதியுள்ளேன். திறந்த தெருவில் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் மழைதான். ஒரு தூறலே இதழ்களைக் கறுக்கச் செய்துவிடும்.

களத்தின் குறுக்களவை 7 அடியாக வைத்துள்ளேன். அதன் பரப்பு ஏறக்குறைய 38 சதுர அடி. உதிர்த்த இதழ் கிலோவுக்கு 4 சதுர அடி மூடும் என்று கொண்டால், சுமார் 10 கிலோ இதழ் தேவை. கேந்தியில் காம்பும் அடிப்பகுதியும் கழிந்து கால் பங்கு குறைந்துவிடும் என்பதால், மொத்தம் 13 கிலோ பூ வாங்க வேண்டும். மஞ்சள் கேந்தி 4 கிலோ 100 ரூபாய் வீதமும், சிவப்புக் கேந்தி 4 கிலோ 110 ரூபாய் வீதமும், வாடாமல்லி 2 கிலோ 150 ரூபாய் வீதமும், பட்டன் ரோஸ் ஒன்றரைக் கிலோ 240 ரூபாய் வீதமும், வெள்ளைச் செவ்வந்தி ஒன்றரைக் கிலோ 300 ரூபாய் வீதமும் கணக்கிட்டால், பூவுக்கு மட்டும் 1,950 ரூபாய் ஆகிறது. பச்சை நிறத்துக்கு நம் வீட்டுச் செடிகளின் இலைகளையே பொடியாக நறுக்கிக்கொள்ளலாம்.

இவை என் மதிப்பீடுகளே. ஓண நெருக்கத்தில் தோவாளைப் பூச்சந்தையில் கேரளத்துக்கும் பூ போகும் என்பதால், காலையில் சொல்லும் விலை வெயில் ஏறுவதற்குள் மாறக்கூடும். ஆகவே பூச்செலவுக்கு 2,400 ரூபாயை உச்சவரம்பாக வைக்கிறேன். அதற்கு மேல் விலை போனால் உங்களிடம் கூடுதல் பணம் கேட்க மாட்டேன். களத்தை 6 அடியாகச் சுருக்கிவிடுவேன், அப்போது பூவும் கால் பங்குக்கு மேல் குறையும். மலிவாகக் கிடைத்தால் மிச்சத்தைத் துண்டுச்சீட்டுடன் திருப்பித் தருவேன். பூவின் விலையில் ஒரு ரூபாயும் கூட்டி வைக்கவில்லை. என் வருமானம் கூலியிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்பது என் எண்ணம்.

குருத்தோலை கிணற்றுவீட்டு அண்ணனின் தென்னையிலிருந்து கிடைக்கும் என்பதால், மரமேறுபவருக்குரிய 200 ரூபாய் மட்டும் போதும், மாவிலைக்குச் செலவில்லை. சணல், சுண்ணக்கட்டி, ஊசி ஆகியவற்றுக்கு 130, சீரியல் விளக்கு வாடகை 300, தோவாளைக்குப் போய்வர ஆட்டோவுக்கு 420 ரூபாய். பூவையும் சேர்த்துப் பொருட்செலவு 3,000 ரூபாய் ஆகிறது. பிளாஸ்டிக் கொடிகள் வேண்டாம். அவை தமிழகத்தில் 2019 முதல் தடைசெய்யப்பட்டவை, குருத்தோலைக்கு முன் அவை அழகாகவும் இரா. சீரியல் விளக்குக்கான இணைப்பு மாடிவீட்டின் உள் பிளக்கிலிருந்துதான் வர வேண்டும். மின்கம்பத்திலிருந்து எடுக்க நான் ஒப்ப மாட்டேன்.

கூலியைப் பற்றி மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டாரிடம் கூலி கேட்பது முறையா என்று சிலர் தயங்கலாம். ஆனால் உத்திராடத்தன்று விடியுமுன் சந்தைக்குப் போய்வர இரண்டரை மணி நேரம், மாலையில் இதழ் உதிர்க்க 3 மணி, தோரணம் பின்னிக் கட்ட இரண்டரை மணி, திருவோணத்தன்று அதிகாலை மூன்றரை மணி முதல் களம் இட 4 மணி, மறுநாள் அள்ளித் துப்புரவு செய்ய 1 மணி என்று என் உழைப்பு 13 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 100 ரூபாய் வீதம் 1,300 ரூபாய் கேட்கிறேன். இதழ் உதிர்க்கவும், களம் இடவும், துப்புரவுக்கும் 8 மணி நேரம் உடனிருக்கும் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவிக்கு மணிக்கு 75 வீதம் 600 ரூபாய் சேர வேண்டும். படிக்கிற பிள்ளை என்பதற்காக அவளுக்குச் சும்மா இனிப்புக் கொடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆக மொத்தம் 4,900 ரூபாய். வீட்டுக்கு 700 ரூபாய். என் வீட்டுப் பங்கையும் நான் தந்துவிடுவேன். இதழ் உதிர்க்க மதினிமார் யாரேனும் வந்து உதவினால், குறையும் நேரத்துக்கு ஏற்பக் கூலியையும் குறைத்துக்கொள்கிறேன். உதிர்த்த இதழ்களை அன்றிரவு ஈரத்துணி மூடிய ஓலைப் பெட்டிகளில் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகிவிடும். பெட்டி இருப்பவர்கள் தந்து உதவுங்கள். நிலவிளக்கும் ஏணியும் உங்களிடமிருந்து இரவலாகவே பெற்றுக்கொள்கிறேன்.

பொருட்செலவுக்காக வீட்டுக்கு 430 ரூபாயை உத்திராடத்துக்கு மூன்று நாள் முன்பாகத் தந்துவிடுங்கள். மீதி 270 ரூபாயைக் களம் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு தந்தால் போதும். பூக்களத்தின் நடுவே தாமரை வேண்டுமா, மயில் வேண்டுமா என்பதையும் அதே நாளுக்குள் சொல்லிவிட்டால், நிறங்களைப் பங்கிட்டு வாங்க எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நான்காம் வீட்டிலிருந்து
பார்வதிபுரம், நாகர்கோவில்