வாக்காளர் விழிப்புணர்வு வீடியோ: திருத்திய ஸ்கிரிப்ட்

கல்லூரி வாக்காளர் விழிப்புணர்வுக் குழுவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஒன்பது நிமிட ஸ்கிரிப்டை ஐந்து நிமிடத்துக்குள் அடக்கியிருக்கிறேன். பேருந்து நிலையத் திரையிலும் வாட்ஸாப்பிலும் ஓடப்போகிறது என்றால் அதற்கு மேல் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். கேமராவை எடுப்பதற்கு முன் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் படங்கள் சொல்லிவிட்டன. முதல் ஷாட்டில் வயல் மேல் சூரியன் எழுகிறது. பிறகு தாமரைக் குளம். முடிவில் மாணவர்கள் இரண்டு விரலை விரித்துச் சிரிக்கிறார்கள். நம் ஊரில் இதைப் பார்ப்பவர், "சரி, இது யார் எடுத்த படம்?" என்றுதான் முதலில் கேட்பார். அதனால் சூரியன், தாமரை, இரட்டை இலை, விரித்த கை, முரசு, பானை, மாம்பழம் எதுவும் ஃபிரேமுக்குள் வரவேண்டாம், பின்னால் சுவரில்கூட. கரை வேட்டி வேண்டாம். கரை நிறமே கட்சியைச் சொல்லிவிடும். மை வைத்த விரலைக் காட்டும்போது இடது ஆள்காட்டி விரல் மட்டும் நீளட்டும், மற்றவை மடங்கியிருக்கட்டும்.

வசனத்திலும் சில வெட்டுகள். "விடியல்", "மாற்றம்" இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் தேர்தல் மேடைகளில் முழங்கி முழங்கி முத்திரை குத்தப்பட்டவை. "இலவசத்துக்கு மயங்காதீர்" என்ற வரியை எடுத்துவிட்டேன். அரசின் நலத்திட்டம் நல்லதா கெட்டதா என்பது அரசியல் வாதம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம். இரண்டையும் ஒரே வரியில் போட்டால் நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். "படித்த நல்லவருக்கே வாக்களியுங்கள்" என்பதும் போனது. யார் நல்லவர் என்பதை வாக்காளர் பார்த்துக்கொள்வார்.

உத்திரமேரூர் குடவோலைப் பகுதி அழகாக இருந்தது. ஆனால் அது பெயர்களைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த முறை. இன்றைய வாக்குப்பதிவுக்கு அதை முன்னோடியாகக் காட்டினால் பார்ப்பவர் குழம்புவார். ஒன்றரை நிமிடமும் மிச்சம்.

ஒரு தகவல் பிழை: நோட்டா அதிக வாக்கு பெற்றால் மறுதேர்தல் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிச் சட்டம் இல்லை. கீழே திருத்தியிருக்கிறேன்.

காட்சி 1: வீட்டுத் திண்ணை, பகல்

(அப்பத்தா முறத்தில் அரிசி புடைக்கிறார். கல்லூரிக்குப் போகும் பேத்தி செல்போனோடு வந்து உட்காருகிறாள்.)

பேத்தி: அப்பத்தா, உங்க ஓட்டர் கார்டைக் கொஞ்சம் கொடுங்க.

அப்பத்தா: எதுக்குடி? அதான் பத்திரமா வச்சிருக்கேன்ல. அன்னைக்கு எடுத்துட்டுப் போனாப் போதாதா?

பேத்தி: கார்டு மட்டும் இருந்தாப் போதாது அப்பத்தா. பட்டியல்ல பேர் இருக்கணும்.

குரல்: வாக்காளர் அட்டை உங்களை அடையாளம் காட்டும். வாக்களிக்கும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டுமே. தேர்தல் நாளில் போய்த் தேடாமல் முன்கூட்டியே பாருங்கள். இணையத்தில் பார்க்கலாம், அல்லது 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

திரையில்: voters.eci.gov.in | 1950

பேத்தி: இருக்கு அப்பத்தா! ஆனா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு.

குரல்: பெயர் இல்லையென்றால் படிவம் 6. பெயரில் பிழை, வீடு மாறியது, அட்டை தொலைந்தது என்றால் படிவம் 8. இணையத்தில் நிரப்பலாம், உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. எனவே இப்போதே செய்யுங்கள்.

(குறிப்பு: பட்டியல் திருத்தம் சரியாக நடந்ததா இல்லையா என்ற சண்டைக்குள் நாம் போகவேண்டாம். பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது மட்டும் நம் வேலை.)

காட்சி 2: தேநீர்க் கடை

(இரண்டு இளைஞர்கள். ஒருவன் கையில் புதிய அட்டை.)

முதல் இளைஞன்: எனக்கு மார்ச்லதான் 18 ஆச்சு. ஜனவரி வரைக்கும் காத்திருக்கணுமா?

இரண்டாம் இளைஞன்: வேண்டாம்டா. இப்ப வருஷத்துல நாலு தேதி இருக்கு.

குரல்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. இந்த நான்கில் எந்தத் தேதியில் உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்கிறதோ அதைக் கணக்கில் வைத்துப் பெயர் சேர்க்கலாம்.

காட்சி 3: தேநீர்க் கடை, தொடர்ச்சி

முதல் இளைஞன்: யாருக்குப் போடறதுன்னே தெரியல.

குரல்: அதை நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் எங்கே பார்க்கலாம் என்று சொல்கிறோம். ஒவ்வொரு வேட்பாளரும் மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கவேண்டும். அவருடைய சொத்து, கடன், கல்வி, அவர் மேல் உள்ள வழக்குகள் அதில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வழக்கு இருப்பது வேறு, தண்டனை பெற்றிருப்பது வேறு; இரண்டையும் பிரித்துப் படியுங்கள். கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் படியுங்கள். எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பது உங்கள் முடிவு.

குரல்: ஓட்டுக்காகப் பணமோ பொருளோ கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். எந்தக் கட்சி என்ற வேறுபாடு இதில் இல்லை. பார்த்தால் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம்.

(குறிப்பு: இங்கே ரூபாய் நோட்டு கைமாறும் காட்சி இருந்தது. வாங்குபவர் குடிசை வாசலில் நிற்பதுபோல் எழுதியிருந்தீர்கள். ஏழைகள்தான் ஓட்டை விற்கிறார்கள் என்று ஆகிவிடும். செயலியின் திரையைக் காட்டினால் போதும்.)

காட்சி 4: வாக்குச்சாவடி

(பள்ளிக்கூட வராந்தா. வரிசையில் அப்பத்தா, பேத்தி, இன்னும் பலர். எல்லா வயதும் எல்லா விதமான உடையும் இருக்கட்டும்.)

குரல்: வாக்காளர் அட்டையைக் கொண்டுபோங்கள். அது இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்று போதும். வீட்டுக்கு வரும் பூத் சிலிப் இடத்தையும் வரிசை எண்ணையும் கண்டுபிடிக்க உதவும். அதை மட்டும் காட்டி வாக்களிக்க முடியாது. செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது.

(உள்ளே. மேசைகளை மெதுவாகக் காட்டவும்.)

குரல்: முதல் அலுவலர் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். இரண்டாவது அலுவலர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்; பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுத் தருவார். மூன்றாவது அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் தயார்செய்வார்.

அப்பத்தா (மறைப்புக்குள் போகும் முன், மெல்ல): தப்பா அமுக்கிட்டா என்னடி பண்றது?

பேத்தி: அவசரமே இல்ல அப்பத்தா. பச்சை விளக்கு எரியும். பேரையும் சின்னத்தையும் நல்லாப் பார்த்துட்டு, பக்கத்துல இருக்கிற நீல பட்டனை ஒரு தடவை அமுக்குங்க.

(மாதிரி இயந்திரத்தின் குளோஸப். பெயர்கள்: வேட்பாளர் 1, வேட்பாளர் 2, வேட்பாளர் 3, நோட்டா. சின்னங்களுக்குப் பதில் வட்டம், சதுரம், முக்கோணம். எந்த வரிசையின் பட்டனை அமுக்குகிறார் என்பது தெரியக்கூடாது. விரலும் நீல பட்டனும் மட்டும்.)

குரல்: அமுக்கியதும் அந்தப் பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் உள்ள விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு தெரியும். நீங்கள் தேர்ந்தெடுத்தவரின் வரிசை எண், பெயர், சின்னம் அதில் இருக்கும். ஏழு விநாடி மட்டும் தெரியும்.

(இந்த இடத்தில் முழுதாக ஏழு விநாடி பேச்சும் இசையும் இல்லாமல் சீட்டை மட்டும் காட்டவும். எடிட்டிங்கில் குறைக்காதீர்கள். ஏழு விநாடி எவ்வளவு நேரம் என்று பார்ப்பவருக்குத் தெரியட்டும்.)

குரல்: பிறகு சீட்டு தானாகப் பெட்டிக்குள் விழும். பீப் சத்தம் கேட்கும். உங்கள் வாக்கு பதிவாகிவிட்டது. அந்தச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

குரல்: பட்டியலின் கடைசியில் நோட்டா. நிற்பவர்களில் யாரையும் விரும்பவில்லை என்று பதிவுசெய்ய அதை அமுக்கலாம். நோட்டாவுக்கு எவ்வளவு வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றிபெறுவார்.

(குறிப்பு: நோட்டாவைப் போடுங்கள் என்றும் போடாதீர்கள் என்றும் குரலின் தொனியில்கூட வரக்கூடாது. குரல் கொடுப்பவர் இந்த வரியை நான்கைந்து முறை படித்துப் பார்க்கட்டும்.)

காட்சி 5: வராந்தா

குரல்: பார்வையற்றவர்களும் தனியாக வாக்களிக்க முடியாதவர்களும் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச்செல்லலாம். ஒருவர் ஒரு வாக்காளருக்குத்தான் துணையாக வரலாம். இயந்திரத்தில் பிரெயில் எழுத்தும் உண்டு. 85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்க விண்ணப்பிக்கலாம். அதற்கு 12டி படிவம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்கவேண்டும்.

நடுவயதுக்காரர் (பதற்றமாக): என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்களாம்!

குரல்: திரும்பிப் போய்விடாதீர்கள். தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் கேட்பதற்குப் பதில் சொல்லி நீங்கள்தான் அவர் என்று உறுதியானால் காகித வாக்குச்சீட்டு தருவார். இதை டெண்டர் வாக்கு என்பார்கள். அது உறையில் தனியாக வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது, வழக்கு வந்தால் நீதிமன்றம் அதைப் பார்க்கலாம்.

இளைஞன் (செல்போனைக் காட்டி): பட்டியல்ல பேர் இல்லாட்டியும் ஆதாரைக் காட்டி ஓட்டுப் போடலாம்னு வந்திருக்கே?

குரல்: தேர்தல்தோறும் சுற்றும் தவறான செய்தி அது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது. இத்தனை சதவீதம் டெண்டர் வாக்கு விழுந்தால் மறுவாக்குப்பதிவு என்று வருவதும் தவறு. சந்தேகம் இருந்தால் மற்றவர்களுக்கு அனுப்பும் முன் 1950-இல் கேளுங்கள்.

காட்சி 6: முடிவு அட்டை

(பின்னணி வெளிர் சாம்பல். நடுவில் மை வைத்த ஒரே விரல். மனிதர்களின் முகம் வேண்டாம். நடிகர், விளையாட்டு வீரர் யாரும் வேண்டாம், அவர்கள் நாளைக்கே ஒரு கட்சியில் சேரலாம்.)

திரையில்:
பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: voters.eci.gov.in
உதவிக்கு: 1950
இந்த வீடியோ எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் சார்ந்தது அல்ல.

குரல்: வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டால், நேரம் கடந்தாலும் உங்களை வாக்களிக்க விடுவார்கள்.

(அட்டை எட்டு விநாடி நிற்கட்டும், படித்து எண்ணைக் குறித்துக்கொள்ள நேரம் வேண்டும். பேருந்து நிலையத்தில் சத்தம் கேட்காது என்பதால் குரல் முழுவதும் கீழே எழுத்தாகவும் ஓடவேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வெளியிடும் முன் படிவ எண்களையும் தேதிகளையும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.)