அந்த 3,200 ரூபாய் கார்டை வாங்க வேண்டாம், தம்பி

தம்பி, வணக்கம். செங்கோட்டைக் கடையிலிருந்து எழுதுகிறேன். கொல்லத்தில் ஓணம் தள்ளுபடியில் ஜி.டி. 710 கிராபிக்ஸ் கார்டு 3,200 ரூபாய்க்குக் கிடைக்கிறது, புனலூர் அத்தை மகன் நாளை வாங்கிவிடுவார், வந்ததும் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். முதலில் அவரைக் கூப்பிட்டு அதை நிறுத்துங்கள். மாவு மில் வேலையில் சேர்த்த பணம் அது. கார்டை மாட்டினால் விளையாட்டு வேகமாக ஓடாது. ஏன் என்பதை போனில் அவசரமாகச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் சொன்ன குறை இரண்டு. ஜி.டி.ஏ. 5 விளையாட்டு தொடங்கியதும் ஓரளவு நன்றாக ஓடுகிறது, பத்து நிமிடத்தில் இழுக்க ஆரம்பிக்கிறது என்பது ஒன்று. காரை வேகமாக ஓட்டும்போது சாலையும் கட்டடமும் தாமதமாக முளைக்கின்றன, அப்போது படம் ஓரிரு விநாடி அப்படியே நின்றுவிடுகிறது என்பது இன்னொன்று. கார்டின் பலம் போதாததுதான் காரணம் என்றால் முதல் நிமிடத்திலிருந்தே ஒரே சீராக மெதுவாக ஓடும். பத்து நிமிடம் கழித்து மாறுகிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது. அதனால்தான் மாட்டுவதற்கு முன் அளந்து பார்த்தேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் ஐ5-4570. 2013-இல் வந்த, நான்கு கோர் கொண்ட பிராசசர். 4 ஜி.பி. ரேம் ஒரே துண்டாக இருக்கிறது. தனி கார்டு இல்லை. பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் எச்.டி. 4600 தான் படம் வரைகிறது. விளையாட்டின் அமைப்பை எல்லாம் குறைந்த தரத்தில் வைத்துவிட்டுச் சோதித்தேன். 1920×1080 அளவில் விநாடிக்கு 18 படம் வந்தது. 1280×720-க்கு இறக்கியதும் 31 ஆனது. 1080-இல் திரைக்கு 20.7 இலட்சம் புள்ளி வரைய வேண்டும், 720-இல் 9.2 இலட்சம் போதும். வரையும் வேலை பாதிக்கும் கீழே குறைந்ததும் வேகம் கூடியது. இதுவரை நீங்கள் நினைத்தது சரிதான், படம் வரையும் பகுதி பலவீனமானதுதான்.

ஆனால் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு 1080-இல் 12, 720-இல் 14. புள்ளிகளைப் பாதியாகக் குறைத்தும் ஏறக்குறைய அதே வேகம்! வரைகிறவனுக்கு வேலை குறைந்தும் பயன் இல்லை என்றால், அவனுக்கு வேலை கொடுக்கிறவன் தாமதிக்கிறான் என்று பொருள். பிராசசரின் சூட்டைப் பார்த்தேன். 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பிராசசருக்கு அதுதான் எல்லை. அந்த இடத்துக்குப் போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 1.6-இல் ஓடிக்கொண்டிருந்தது.

கேபினெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே மாவுத் தூசு. சாரல் காலத்து ஈரத்தில் அது இறுகி அடை மாதிரி ஒட்டியிருந்தது. புளோயரால் அடித்தும் போகவில்லை. கழற்றி, பிரஷ்ஷால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. மில்லின் கணக்கு அறையில், அதுவும் தரையில், பெட்டியை வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே வைத்தால் எந்தக் கார்டு போட்டாலும் அதன் விசிறியும் இதே கதிக்குத்தான் ஆளாகும். வீட்டுக்குள் மேசை மேல் வையுங்கள்.

சும்மா வாயால் சொல்லக் கூடாது என்று இன்னொன்றும் செய்தேன். மானிட்டர் சோதனைக்காகக் கடையில் ஒரு பழைய ஜி.டி. 710 வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்க இருப்பதும் அதே 2 ஜி.பி. வகைதான். சுத்தம் செய்வதற்கு முன்பு அதை மாட்டி ஓட்டினேன். 720-இல் முதலில் 33 வந்தது. சூடேற இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. அதன் பிறகு 15. கார்டு போட்டதன் பலன் இவ்வளவுதான்.

இது ஏன் என்றால், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதும் வாங்கப்போவதும் கிட்டத்தட்ட ஒரே பலம் கொண்டவை. உங்கள் பிராசசருக்குள் இருக்கும் எச்.டி. 4600-உம் ஜி.டி. 710-உம், முழு வேகத்தில் ஓடினால், விநாடிக்கு ஏறத்தாழ 36,000 கோடி கணக்குகளைப் போடுபவை. ஜி.டி. 710 விளையாட்டுக்கென்று செய்யப்பட்டதே அல்ல. கார்டே இல்லாத அலுவலகக் கம்ப்யூட்டரில் திரை வர வேண்டும், கூடுதலாக ஒரு மானிட்டர் மாட்ட வேண்டும் என்பவர்களுக்கானது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது, நானே பயன்படுத்துகிறேன். மேலும், அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது.

“2 ஜி.பி. கார்டு அண்ணே, விளையாட்டும் 2 ஜி.பி. தானே கேட்கிறது” என்று சொன்னீர்கள். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஜி.டி.ஏ. 5-க்குப் பரிந்துரைக்கப்பட்ட கார்டு ஜி.டி.எக்ஸ். 660. அதிலும் 2 ஜி.பி. தான். ஆனால் அந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 144 ஜி.பி. தரவை எடுக்க முடியும். டி.டி.ஆர்.3 வகை நினைவகம் கொண்ட ஜி.டி. 710-இல் 14.4 தான். பத்தில் ஒரு பங்கு. அதில் 960 கோர், இதில் 192. உங்கள் மில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் கூம்பில் எத்தனை படி அரிசி கொள்ளும் என்பதை வைத்தா அரைக்கும் வேகத்தைச் சொல்வீர்கள்? கல்லையும் மோட்டாரையும் பார்த்துத்தானே சொல்வீர்கள். கார்டு அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் ஜி.பி. வெறும் கூம்பின் அளவு.

கார்டுக்கும் ஒரு நன்மை உண்டு, அதை மறைக்க மாட்டேன். இப்போது எச்.டி. 4600 உங்கள் 4 ஜி.பி. ரேமிலிருந்துதான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. கார்டு போட்டால் அந்த இடம் மிச்சமாகும். ஆனால் அதற்கு 3,200 ரூபாய் தேவையில்லை. இன்னொரு 4 ஜி.பி. ரேம் போட்டாலே போதும். அதில் இரட்டைப் பலன் இருக்கிறது. ஒரே துண்டு ரேம் என்றால் விநாடிக்கு 12.8 ஜி.பி. பாதைதான் கிடைக்கும். ஒரே நிறமுள்ள இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு துண்டு போட்டால் 25.6 ஆகும். பிராசசரோடு பகிர்ந்துகொண்டாலும், எச்.டி. 4600-க்கு இது பெரிய உதவி. அந்த விளையாட்டுக்குப் பரிந்துரைக்கும் ரேமும் 8 ஜி.பி. தான்.

இனி என் சோதனையின் மீதி. தூசை எடுத்து, புதிய பேஸ்ட் போட்டு, என் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். அரை மணி நேரம் கழித்தும் 72 டிகிரிதான். 720-இல் 31 படம், கடைசிவரை இறங்கவில்லை. ஆனால் காரை வேகமாக ஓட்டும்போது நிற்பது மட்டும் போகவில்லை. அந்த நேரத்தில் Ctrl + Shift + Esc அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். ரேம் நிரம்பி வழிந்தது, ஹார்டு டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றது. இடம் இல்லாததால் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளுகிறது, விளையாட்டோ அதே டிஸ்க்கிலிருந்து அடுத்த தெருவைக் கேட்கிறது. கடையிலிருந்த 4 ஜி.பி. ரேம் ஒன்றை இரவலாகப் போட்டதும் 39 படம் வந்தது. நிற்பதும் பெரிதும் குறைந்தது. மிச்சமிருக்கும் தடங்கல் டிஸ்க்கின் வேகத்தால் வருவது, அது எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் போட்டால் தீரும்.

செலவு இவ்வளவு ஆகும். பயன்படுத்திய 4 ஜி.பி. ரேம் 500 ரூபாய், மூன்று மாதம் நான் பொறுப்பு. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,800. சுத்தம் செய்தது, பேஸ்ட், விண்டோஸை மாற்றிப் போடுவது எல்லாம் சேர்த்து 400. மொத்தம் 2,700. கார்டைவிட 500 குறைவு. பொருள் பழுதானால் ஆரியங்காவு தாண்டிக் கொல்லம்வரை ரயிலேறிப் போகவும் வேண்டியதில்லை.

இதெல்லாம் செய்தாலும் 1080-இல் சீராக ஓடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். 720-இல் நிம்மதியாக விளையாடலாம். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் ஓடாது. அதற்கு உண்மையான கார்டு வேண்டும். உங்கள் கேபினெட் ஒல்லியானது, உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் கார்டுக்கென்று தனி வயர் இல்லை. ஆகவே ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடுகிற, உயரம் குறைந்த கார்டுதான் பொருந்தும். ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ, அல்லது வயர் தேவைப்படாத 1650. 1050 டிஐ-யின் பாதை விநாடிக்கு 112 ஜி.பி., 710-ஐப்போல ஏழு மடங்குக்கு மேல். அதற்குப் பணம் சேருங்கள். வாங்கும் முன் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். நம்ப முடியாத விலையில் 1050 டிஐ என்று விற்கப்படுபவற்றில், பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை மாற்றிப் பெயர் சூட்டியவை உண்டு. GPU-Z என்ற நிரலில் பார்த்தால் அப்படிப்பட்ட கார்டின் பெயருக்கு முன்னால் [FAKE] என்று காட்டும். அந்தச் சோதனைக்கு நான் காசு வாங்குவதில்லை.

இன்னொரு விஷயம், இது விளையாட்டைவிட அவசரம். உங்கள் ஹார்டு டிஸ்க்கைச் சோதித்ததில் மஞ்சள் நிறத்தில் Caution என்று வந்தது. சில பகுதிகள் கெட்டு, மாற்றுப் பகுதிக்குப் போயிருக்கின்றன. நாளையே நின்றுவிடும் என்று இல்லை, ஆனால் நம்பி வைத்திருக்கக் கூடாது. அதில் அப்பாவின் மில் கணக்கு இருப்பதைப் பார்த்தேன். வேறு எங்கும் பிரதி இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். நீங்கள் ரேம், எஸ்.எஸ்.டி. எதுவும் போடாவிட்டாலும் இந்தக் கணக்கை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துத் தருகிறேன். திறந்து பார்க்க மாட்டேன், பிரதி மட்டும்தான்.

சரி என்றால் இன்று இரவு ஒன்பதுக்குள் பதில் போடுங்கள், நாளை மாலைக்குள் முடித்து வைத்துவிடுகிறேன். வரும்போது ஒரு 16 ஜி.பி. பென் டிரைவும், கணக்கு மென்பொருளின் கடவுச்சொல் தெரிந்த அப்பாவையும் அழைத்து வாருங்கள். எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிய பிறகு அவர் கையாலேயே திறந்து, கணக்கு சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.