நேண்ட் கேட் ஒன்றே போதும்: தண்ணீர் மோட்டார் சர்க்யூட்டை மாற்றிப் பார்ப்போம்

அடுத்த வகுப்பில் பிரெட்போர்டில் கட்டப்போகும் சர்க்யூட் இதுதான். வருவதற்கு முன் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு வீட்டில் கீழே சம்ப், மாடியில் மேல்நிலைத் தொட்டி. சம்பில் தண்ணீர் இருந்தால் S = 1. மேல்தொட்டி நிரம்பினால் T = 1. தோட்டத்துக்கு நேராகத் தண்ணீர் பாய்ச்ச ஒரு சுவிட்ச்; அதைப் போட்டால் M = 1. மோட்டார் எப்போது ஓட வேண்டும்? சம்பில் தண்ணீர் இருக்க வேண்டும். அதோடு, மேல்தொட்டி நிரம்பாமல் இருக்க வேண்டும் அல்லது தோட்டத்து சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். சம்ப் காலியாக இருக்கும்போது ஓடினால் மோட்டார் கெட்டுவிடும், அதனால் S-க்கு விலக்கே கிடையாது.

```
Y = S·(T' + M)
```

T' என்றால் T-யின் எதிர்மறை. இதை அப்படியே கட்டினால் நாட் ஒன்று, ஆர் ஒன்று, அண்ட் ஒன்று. கேட் மூன்றுதான், ஆனால் சிப்பும் மூன்று வேண்டும்: நாட்டுக்கு 7404, ஆருக்கு 7432, அண்டுக்கு 7408. 7404-க்குள் ஆறு நாட் இருக்கிறது, நமக்கு வேண்டியது ஒன்று. மற்ற இரண்டிலும் நான்கில் மூன்று கேட் சும்மா கிடக்கும். இதே வேலையை ஒரே ஒரு 7400 சிப்பில், அதன் நான்கு நேண்ட் கேட்டிலும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் முடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்பதற்கு முன், எந்த சர்க்யூட்டையும் இப்படி மாற்ற முடியும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டுக்கொள்வோம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நேண்ட் என்பது அண்ட் போட்டுத் திருப்பிய விடை. இரண்டு உள்ளீடும் 1 ஆனால் மட்டும் 0 தரும். மற்ற மூன்று நிலையிலும் 1.

முதலில் ஒரு கேள்வி. அண்டும் ஆரும் மட்டும் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன், அவற்றால் ஒரு நாட் கட்ட முடியுமா? முடியாது. எல்லா உள்ளீடும் 0 என்று வையுங்கள். அண்டின் விடை 0, ஆரின் விடையும் 0. அந்த 0-க்களை அடுத்த அடுக்குக்கு அனுப்பினாலும் 0-தான் வரும். நூறு அடுக்கு போட்டாலும் மாறாது. நாட்டோ 0-க்கு 1 தர வேண்டும். திருப்பும் சக்தி எங்காவது இருந்தே தீர வேண்டும். நேண்டில் அது உள்ளேயே இருக்கிறது.

இப்போது நிரூபணம். இரண்டு படிதான்.

முதல் படி: எந்த உண்மை அட்டவணையையும் நாட், அண்ட், ஆர் மூன்றால் எழுதிவிடலாம். n உள்ளீடு இருந்தால் அட்டவணையில் 2ⁿ வரிசை. விடை 1 வரும் வரிசைகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அண்ட்: அந்த வரிசையில் 1 ஆக இருக்கும் உள்ளீட்டை அப்படியே, 0 ஆக இருப்பதைத் திருப்பிப் போடுங்கள். அந்த அண்ட் அந்த ஒரு வரிசையில் மட்டும் 1 ஆகும். எல்லா அண்டையும் ஓர் ஆரில் சேர்த்தால் அட்டவணை முழுவதும் வந்துவிட்டது. ஒரு வரிசையில்கூட 1 இல்லை என்றால்? A·A' போடுங்கள், அது எப்போதும் 0. எந்த அட்டவணையும் தப்ப முடியாது.

நம் மோட்டாருக்கு 1 வரும் வரிசைகள் மூன்று (S, T, M வரிசையில்): 100, 101, 111.

```
Y = S·T'·M' + S·T'·M + S·T·M
```

முதல் இரண்டும் சேர்ந்து S·T' ஆகும். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து S·M ஆகும். (நடுவில் இருப்பதை இரண்டு முறை பயன்படுத்தலாம், A + A = A என்பதால்.) ஆக Y = S·T' + S·M. மேலே வார்த்தையிலிருந்து எழுதிய சமன்பாட்டின் அடைப்பைப் பிரித்தாலும் இதே வரும்.

இரண்டாம் படி: அந்த மூன்று கேட்டையும் நேண்டால் கட்ட வேண்டும்.

```
A'    = NAND(A, A)                        1 கேட்
A·B   = NAND(NAND(A,B), NAND(A,B))        2 கேட்
A + B = NAND(NAND(A,A), NAND(B,B))        3 கேட்
```

முதலாவது: இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினால் A·A என்பது A, திருப்பினால் A'. இரண்டாவதில் நேண்ட் போட்டு, அதே விடையை இன்னொரு நேண்டால் திருப்புகிறோம். NAND(A,B) என்று இரண்டு முறை எழுதியிருந்தாலும் அது ஒரே கேட். அதன் வெளியீட்டுக் கம்பி இரண்டாகப் பிரிந்து போகிறது. மூன்றாவது டிமார்கன் விதி: A + B = (A'·B')'. உள்ளீடுகளைத் திருப்பி நேண்டில் விட்டால் ஆர் கிடைக்கும். அவ்வளவுதான், நிரூபணம் முடிந்தது.

சரி, நினைவகம்? மேலே சொன்னது அட்டவணையாக எழுதக்கூடிய சர்க்யூட்டுக்கு. ஃப்ளிப்-ஃப்ளாப்பில் விடை பழைய நிலையையும் பொறுத்தது, அதனால் அது அட்டவணையில் அப்படியே அடங்காது. ஆனால் இரண்டு நேண்டை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீட்டில் குறுக்காக இணைத்தால் ஒரு லாட்ச் கிடைத்துவிடும். மீதமுள்ள இரண்டு உள்ளீடும் 1-ல் இருக்கும்வரை அது கடைசி நிலையைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு பக்கத்தை ஒரு கணம் 0 ஆக்கினால் அந்தப் பக்க வெளியீடு 1 ஆகி அப்படியே நிற்கும். ஃப்ளிப்-ஃப்ளாப், ரிஜிஸ்டர், கவுண்டர் எல்லாம் இதன் மேல் எழுப்பியவை. எனவே நேண்டுக்கு அடங்காதது என்று டிஜிட்டல் சர்க்யூட்டில் எதுவும் மிச்சமில்லை.

இப்போது மாற்றத்துக்கு வருவோம். யோசிக்காமல், கேட்டுக்குக் கேட் மாற்றினால் நாட்டுக்கு 1, ஆருக்கு 3, அண்டுக்கு 2, மொத்தம் 6 நேண்ட்.

```
g1 = NAND(T, T)      T'
g2 = NAND(g1, g1)    T
g3 = NAND(M, M)      M'
g4 = NAND(g2, g3)    T' + M
g5 = NAND(S, g4)
Y  = NAND(g5, g5)
```

g1, g2 இரண்டையும் பாருங்கள். T-யைத் திருப்பி, உடனே மறுபடியும் திருப்புகிறோம். வந்த இடத்துக்கே திரும்பிவிட்டோம். இரண்டையும் எடுத்துவிட்டு T-யை நேராக g4-க்குக் கொடுக்கலாம். 6 என்பது 4 ஆகிவிட்டது. நேண்டுக்கு மாற்றும்போதெல்லாம் இப்படி அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நாட்டைத் தேடுங்கள், பெரும்பாலும் எங்காவது இருக்கும். ஆனால் முதல் நாட்டின் வெளியீடு வேறெங்காவது போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு வழி, நான் எப்போதும் முதலில் முயல்வது: பெருக்கல்களின் கூட்டல் வடிவத்தை எழுதி, முழுவதையும் இரண்டு முறை திருப்புவது.

```
Y = S·T' + S·M
  = ((S·T' + S·M)')'
  = ((S·T')' · (S·M)')'
  = NAND( NAND(S,T'), NAND(S,M) )
```

T'-க்கு ஒன்று சேர்த்தால் இதிலும் 4 கேட்தான். அண்ட்-ஆர் என்ற இரண்டு அடுக்கு அப்படியே நேண்ட்-நேண்ட் என்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். படத்தில் ஒரு கம்பியைக்கூட நகர்த்த வேண்டியதில்லை, கேட்டின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். (ஓர் எச்சரிக்கை: ஒற்றை உள்ளீடு நேராக ஆருக்குப் போனால், அதை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.)

எண்ணிக்கை சமம், அப்படியானால் எதை எடுப்பது? நீளமான பாதையை எண்ணுங்கள். முதல் வடிவத்தில் M மாறினால் g3, g4, g5, Y என்று நான்கு கேட்டைக் கடக்க வேண்டும். இரண்டாவதில் அதிகபட்சம் T மூன்று கேட்டைக் கடக்கிறது. தண்ணீர் மோட்டாருக்குச் சில நானோநொடி ஒரு பொருட்டே இல்லை. கணினியின் கூட்டல் சர்க்யூட்டில் அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். இரண்டாவதையே எடுப்போம்.

```
g1 = NAND(T,T)  g2 = NAND(S,g1)  g3 = NAND(S,M)  Y = NAND(g2,g3)

S T M | g1 g2 g3 | Y
0 x x |  x  1  1 | 0
1 0 0 |  1  0  1 | 1
1 0 1 |  1  0  0 | 1
1 1 0 |  0  1  1 | 0
1 1 1 |  0  1  0 | 1
```

x என்றால் 0 ஆனாலும் 1 ஆனாலும் சரி. S = 0 ஆனால் g2, g3 இரண்டும் 1 ஆகிவிடுவதால் Y எப்போதும் 0; மோட்டார் பாதுகாப்பாக நிற்கிறது.

பல தாள்களில் வரும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மூன்று உள்ளீட்டு நேண்ட் வேண்டும்போது NAND(NAND(A,B),C) என்று போட்டுவிடுகிறார்கள். அண்டை அப்படி அடுக்கலாம், நேண்டை அடுக்கக் கூடாது. A = 0, B = 0, C = 1 போட்டுப் பாருங்கள்: உள்ளே 1 வருகிறது, அதோடு C-யும் 1, விடை 0. உண்மையான மூன்று உள்ளீட்டு நேண்டின் விடை 1. நடுவில் ஒரு திருப்பம் வேண்டும்: A·B-யை முழு அண்டாக்கி, அப்புறம் C-யோடு நேண்ட் போடுங்கள்.

ஒரே செயல் போதும் என்பது சிப்புகளுக்கு வெகு முன்பே தெரிந்த விஷயம். ஹென்றி ஷெஃபர் 1913-ல் இதை வெளியிட்டார். சார்லஸ் பியர்ஸ் 1880 வாக்கிலேயே கண்டும், அவர் எழுதியது அப்போது அச்சேறவில்லை. ஆர் போட்டுத் திருப்பும் நார் கேட்டுக்கும் இதே சக்தி உண்டு, நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினி நார் கேட்களால் ஆனது. சீமாஸ் சிப்பில் நேண்டுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது: நேண்டுக்கு 4 டிரான்சிஸ்டர், அண்டுக்கு 6. அங்கே நேண்டின் பின்னால் ஒரு நாட்டைச் சேர்த்துத்தான் அண்டையே செய்கிறார்கள்.

இனி போர்டு. 7400-ன் சீமாஸ் வகையான `74HC00` எடுங்கள். 14-ஆம் பின்னுக்கு 5 வோல்ட், 7-ஆம் பின்னுக்குக் கிரவுண்ட்.

```
T  -> 1, 2      3 -> 5
S  -> 4, 9      6 -> 12
M  -> 10        8 -> 13
Y  = 11
```

மூன்று உள்ளீட்டுக்கும் 5 வோல்ட்டிலிருந்து ஆளுக்கொரு சுவிட்ச் வைத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் சுவிட்ச் திறந்திருக்கும்போது கால் அந்தரத்தில் நின்று விடை தாறுமாறாக வரும். 11-ஆம் பின்னில் எல்இடி, அதோடு தொடராக 1 கிலோ ஓம். மெயின்ஸ் கரண்ட் இந்தப் போர்டு பக்கமே வரக் கூடாது. நிஜ மோட்டாருக்கு டிரான்சிஸ்டரும் ரிலேயும் வேண்டும், அது அடுத்த மாதப் பாடம். எட்டு நிலையையும் வரிசையாகப் போட்டு, எல்இடியை அட்டவணையோடு ஒப்பிட்டுக் குறித்து வாருங்கள். 110-ல் விளக்கு எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது 3-லிருந்து 5-க்குப் போகும் கம்பியை.